பழைய மாடலை நிறுத்துவது: ஒரே நாளில் மாற்றமா, இரண்டும் சேர்ந்தா, பகுதி பகுதியாகவா?

புது மாடல் தயாராகிக்கொண்டிருக்கிறது, பழையது இன்னும் ஓரளவு நன்றாகவே விற்கிறது. இந்த நேரத்தில் ஒரு கூட்டம் போட்டால் முதலில் எழும் கேள்வி "எந்தத் தேதியில் மாற்றுகிறோம்?" என்பதுதான். ஆனால் அந்தத் தேதி அந்தக் கூட்டத்தில் முடிவாவதே இல்லை. அதற்கு மூன்று மாதம் முன்பே, கொள்முதல் பிரிவில் ஒருவர் பழைய மாடலுக்கு மட்டும் பயன்படும் ஒரு பாகத்தை இன்னும் ஆயிரம் வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்து, பெரும்பாலும் யாரிடமும் கேட்காமல், ஒரு முடிவு எடுத்திருப்பார். கூட்டத்தில் பேசும் தேதி அந்த முடிவுக்குக் கட்டுப்பட்டதுதான். அதனால் மூன்று வழிகளை ஒப்பிடும்போது நான் தேதியிலிருந்து தொடங்காமல் அந்தப் பாகத்திலிருந்து தொடங்கப் போகிறேன்.

முதலில் வழிகள் என்னென்ன என்று பார்த்துவிடலாம். ஒன்று, ஒரே நாளில் மாற்றம்: பழையது தீர்ந்து பூஜ்யத்துக்கு வரும் நாளும் புதியது கடைக்கு வரும் நாளும் ஒன்றாக இருக்கும்படி திட்டமிடுவது. இரண்டு, சேர்ந்து விற்பது: புதியது வந்த பிறகும் சில வாரங்கள் பழையதும் குறைந்த விலையில் கடையில் இருக்கும். மூன்று, பகுதி பகுதியாக மாற்றுவது: ஒரு விற்பனைப் பகுதியிலோ ஒரு வகைக் கடைகளிலோ முதலில் புதியதைத் திறந்துவிட்டு, அங்கே மிஞ்சிய பழைய சரக்கை இன்னும் மாறாத பகுதிகளுக்கு அனுப்புவது. நான்காவதாக, பெயரையும் மாடல் எண்ணையும் மாற்றாமல் உள்ளே மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிடுவதும் உண்டு. ஆனால் வாங்குபவருக்கு வித்தியாசமே தெரியாத சின்ன மாற்றங்களுக்குத்தான் அது சரி. விலையோ வசதியோ மாறும் என்றால் அதை மறந்துவிடுங்கள்.

காகிதத்தில் முதல் வழி அழகாக இருக்கும். மிச்சமில்லை, விலைக் குறைப்பு இல்லை, இரண்டு மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழப்ப வேண்டியதில்லை. கணக்குப் பிரிவுக்கு எப்போதும் இதுதான் பிடிக்கும். ஒரு உதாரணக் கணக்கில் வைத்துப் பார்த்தால் அந்த அழகு எங்கே உடைகிறது என்று தெரியும்.

ஒரு பம்ப், 16 வாரம்

வீட்டுக்குப் பயன்படும் சின்ன நீர் பம்ப் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பழைய மாடல் வாரம் 400 விற்கிறது. இது நிறுவனம் டீலருக்கு விற்கும் எண்ணிக்கை அல்ல, டீலரிடமிருந்து கடைசி வாடிக்கையாளர் வாங்கிப்போகும் எண்ணிக்கை. இந்த இரண்டும் ஏன் வேறு என்பதைக் கீழே சொல்கிறேன், இப்போதைக்கு மனதில் வையுங்கள். நிறுவனத்தின் கிடங்கில் 2,400 பம்ப் இருக்கிறது. டீலர்களிடம் மொத்தமாக 2,000. ஆக முழுமையாகத் தயாரான சரக்கு 4,400, அதாவது 11 வாரத்துக்கு வரும்.

புது மாடல் 16-வது வாரக் கடைசியில் எல்லாக் கடைகளிலும் இருக்க வேண்டும் என்பது திட்டம். இங்கே நிறைய பேர் சறுக்குகிறார்கள். "16-வது வாரம் தயார்" என்று யாராவது சொன்னால், உற்பத்தி தொடங்கும் வாரமா, கடையில் இருக்கும் வாரமா என்று கட்டாயம் கேட்க வேண்டும். புது மாடல் முதல் நாளிலிருந்தே முழு வேகத்தில் வராது. முதல் வாரம் 150, அடுத்த வாரம் 250, அதற்குப் பிறகுதான் 400 என்று போகும். கடைகளில் மூன்று வாரச் சரக்காவது, அதாவது 1,200 பம்ப், போட்டுவிட்டுத்தான் அறிமுகம் செய்ய முடியும் என்றால், 150, 250, 400, 400 என்று அந்த 1,200 சேரவே நான்கு வாரம் ஆகிறது. அதனால் 16-வது வாரக் கடைசியில் கடையில் இருக்க வேண்டும் என்றால் 12-வது வாரம் முடிந்தவுடன் உற்பத்தி தொடங்கியிருக்க வேண்டும். இந்த நான்கு வார வித்தியாசத்தைச் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், உற்பத்தி தொடங்கும் தேதியையே அறிமுகத் தேதி என்று பழைய மாடல் திட்டத்தில் எழுதிவிட்டால், புது மாடல் ஒரு நாள்கூடத் தாமதமாகாமலேயே நான்கு வாரம் கடை காலியாக இருக்கும்.

சரி, 16 வாரத்துக்குப் பழையது எவ்வளவு வேண்டும்? 400 வீதம் 6,400. கையில் 4,400 இருப்பதால் இன்னும் 2,000 செய்தால் 16-வது வாரக் கடைசியில் கணக்குப்படி பூஜ்யம். முதல் வழி கேட்பது இதைத்தான்.

இப்போது பாகங்களுக்கு வருவோம். மோட்டார், வயர், நட்டு, போல்ட்டு எல்லாம் புது மாடலுக்கும் அதேதான் என்பதால் அவை மிஞ்சினாலும் கவலையில்லை. பழையதுக்கு மட்டும் உரியவை இரண்டு: வார்ப்பு உறை, அப்புறம் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு. உறை 3,000 கையில் இருக்கிறது, இன்னும் வேண்டும் என்றால் ஆர்டர் கொடுத்து 3 வாரத்தில் வந்துவிடும். போர்டு 1,800 கையில் இருக்கிறது, இன்னும் 1,000 வந்துகொண்டிருக்கிறது, அதை ரத்து செய்ய முடியாது. புதிதாக ஆர்டர் கொடுத்தால் 12 வாரம் ஆகும், குறைந்தது 1,000 வாங்கியாக வேண்டும். உறை எத்தனை இருந்தாலும் போர்டு 2,800 தான், ஆகவே இனி செய்யக்கூடிய பழைய பம்ப் அதிகபட்சம் 2,800. கையில் இருப்பதையும் சேர்த்தால் மொத்தம் 7,200, அதாவது சரியாக 18 வாரம்.

கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்ப்பவருக்கு இந்த 18 கண்ணில் படாது. பாகங்களை ஜோடி சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பாகம் 3,000-ம் இன்னொன்று 2,800-ம் இருந்தால் மிச்சமுள்ள 200 உறை வெறும் உலோகம்தான்.

தாமதமானால்

புது மாடல்கள் தாமதமாகும். இதில் யாரையும் குறை சொல்ல எதுவுமில்லை, அச்சு சரியாக வராது, ஒரு சோதனையில் தேறாது, முதல் தொகுதியில் கசிவு இருக்கும். நம் உதாரணத்தில் கட்டாயத் தரச் சோதனை ஒன்றின் முடிவு 10-வது வாரத்தில் வரும், அதில் தேறவில்லை என்றால் திருத்தி மறுபடி போட நான்கு வாரம் என்று வைப்போம். அப்படியானால் கடைக்கு வருவது 20-வது வாரக் கடைசி.

முதல் வழிப்படி 2,000 மட்டும் செய்து வைத்திருந்தால் நான்கு வாரம் முழுக்கக் காலி, 1,600 பம்ப் குறைவு. இரண்டாம் வழியை நினைத்துக் கையிலிருந்த போர்டையெல்லாம் போட்டு 2,800 செய்திருந்தால் 18 வாரம் வரை ஓடும், குறைவு 800. மூன்றாம் வழியில், அதே 2,800-ஐச் செய்துவிட்டு, புது மாடல் உற்பத்தி 16-வது வாரம் முடிந்து தொடங்கியவுடன் வரும் முதல் 400 பம்பை எல்லாக் கடைக்கும் பிரிக்காமல், மொத்த விற்பனையில் 40 சதவீதம் இருக்கும் ஒரு பகுதிக்கு மட்டும் இரண்டரை வாரச் சரக்காகக் கொடுத்தால், 18-வது வாரக் கடைசியில் அங்கே புதியதைத் திறந்துவிடலாம். பழையது அதோடு தீர்ந்திருக்கும், ஆனால் காலியாக இருப்பது மீதி 60 சதவீதம் மட்டுமே. இரண்டு வாரத்துக்கு 240 வீதம் 480 குறைவு. ஒரே சரக்கு, ஒரே தாமதம், 1,600, 800, 480 என்று மூன்று விடை.

எல்லாம் சரியாக நடந்தாலோ? 2,800 செய்திருந்தால் 16-வது வாரக் கடைசியில் 800 பழைய பம்ப் மிஞ்சும். புதியது பக்கத்தில் வந்த பிறகு பழையது வாரம் 400 போகாது, விலையைக் குறைத்தாலும் 100 போனால் நல்லது. ஆக இரண்டு மாதம் இரண்டு மாடலும் சேர்ந்து கடையில் கிடக்கும். எனக்கு அது கொஞ்சம் நீளம். 2,400 மட்டும் செய்து 400 போர்டைச் சர்வீசுக்கு ஒதுக்கினால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும், ஆனால் தாமதமானால் அந்த 400 போர்டு உடனே உற்பத்திக்குத் திரும்ப வேண்டும். போர்டாக இருக்கும்வரை திரும்பலாம். அதுதான் விஷயமே, கீழே வருகிறது.

முடிவு முதலில், தகவல் பின்னால்

18 வாரத்தோடு சரக்கு தீர்கிறது. கூடுதல் போர்டு வந்து, பம்பாகி, கடைக்குப் போய்ச் சேர இரண்டு வாரம் வேண்டும், ஆகவே 16-வது வாரத்துக்குள் போர்டு கையில் இருக்க வேண்டும். அதற்கு 4-வது வாரத்துக்குள் ஆர்டர் போயிருக்க வேண்டும். ஆனால் தாமதமா இல்லையா என்பதைச் சொல்லும் சோதனை முடிவு வருவது 10-வது வாரம். ஆறு வாரம் இருட்டில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பழைய மாடலை நிறுத்தும் வேலையில் உண்மையான கஷ்டம் இதுதான், மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்.

இங்கே நிறையப் பேர் செய்வது, "பாதுகாப்புக்கு இன்னும் ஆயிரம் பம்ப் செய்து வையுங்கள்" என்பது. தவறான பொருளைச் சேமிக்கிறார்கள். பம்பின் விலை 100 என்றால் செய்ய ஆகும் செலவு 70, அதில் போர்டு 12 என்று வையுங்கள். முழு பம்ப் மிஞ்சினால் 70-ஐ முடக்கி வைத்திருக்கிறீர்கள், அதை 60-க்குத் தள்ளிவிட்டால் பத்து நஷ்டம், அதைவிட மோசம், அந்தக் குறைந்த விலைப் பழைய பம்ப் ஒவ்வொன்றும் ஒரு புது பம்பின் விற்பனையைத் தின்றுவிடும். போர்டாக மிஞ்சினால் போவது 12 மட்டுமே, அதிலும் பாதி சர்வீசுக்குப் பயன்படும். ஆகவே நீண்ட நாள் எடுக்கும் பாகத்தை மட்டும் இப்போதே வாங்கி வைத்து, பம்பாக மாற்றுவதைச் சோதனை முடிவு வரும்வரை தள்ளிப்போட வேண்டும். உறைக்கு 3 வாரம்தான் ஆகும் என்பதால் அதைப் பத்தாவது வாரத்துக்குப் பிறகு கேட்டாலும் போதும். உற்பத்தி வரிசை காலியாக இருக்குமா என்று கேட்கலாம். தாமதமானால் புது மாடலுக்காக ஒதுக்கிய அந்த நான்கு வாரம்தான் காலியாக இருக்கும், 800 பம்ப் செய்ய இரண்டு வாரம் போதும். தாமதமாகவில்லை என்றால் வரிசை காலியாக இருக்காது, ஆனால் அப்போது பழைய பம்பும் தேவைப்படாது.

அந்த 1,000 போர்டு வாங்கலாமா? தாமதமில்லை என்றால் 500 சர்வீசுக்குப் போய், 500 வீண், 500 பெருக்கல் 12, ஆக 6,000 நஷ்டம். தாமதமானால் 800 பம்ப் கூடுதலாக விற்கும், ஒவ்வொன்றிலும் லாபம் 30. ஆனால் அந்த 800 பேரில் பாதிப்பேர் எப்படியும் புது மாடலுக்காகக் காத்திருந்து நம்மிடமே வாங்குவார்கள் என்று வைத்தால், உண்மையில் காப்பாற்றியது 400 பேரை, 12,000. மிஞ்சும் 200 போர்டைச் சர்வீஸ் எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டையும் எடை போட்டால், தாமதமாகும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்தால் வாங்க வேண்டும். காத்திருக்கவே மாட்டார்கள், எல்லோரும் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார்கள் என்றால் ஐந்தில் ஒன்று வாய்ப்பு இருந்தாலே போதும். பம்ப் கெட்டுப்போய்த் தண்ணீர் வராத வீட்டில் யாரும் புது மாடலுக்காகக் காத்திருக்கப் போவதில்லை, அதனால் இந்தப் பொருளுக்கு ஐந்தில் ஒன்றுதான் நிஜத்துக்குப் பக்கம் என்பது என் கணிப்பு. விலை உயர்ந்த, அவசரமில்லாத பொருள் என்றால் கணக்கு மாறும்.

தாமத வாய்ப்பு எவ்வளவு என்று யாரிடம் கேட்பது? புது மாடல் குழுவிடம் கேட்காதீர்கள், அவர்கள் "இந்தத் தடவை சரியாக வந்துவிடும்" என்பார்கள், நம்பியும் சொல்வார்கள். உங்கள் நிறுவனத்தின் கடந்த சில புது மாடல்களுக்கு முதலில் சொன்ன தேதியையும் உண்மையில் கடைக்கு வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கு மேல் விவாதமே தேவைப்படாது.

டீலர் கையில் இருப்பது நம் சரக்குதான்

மேலே மனதில் வைக்கச் சொன்னது. நிறுவனத்தின் விற்பனை அறிக்கை காட்டுவது டீலருக்குப் போன எண்ணிக்கை. அந்த டீலர் விற்றாரா, அடுக்கி வைத்திருக்கிறாரா என்று அதில் தெரியாது. சாதாரண நாட்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. மாடல் மாறும் நேரத்தில்தான் இரண்டும் பிரியும், அதுவும் வேகமாக.

புதியது வரப்போகிறது என்ற பேச்சு டீலர் காதுக்கு எட்டியவுடன் அவர் செய்யும் முதல் காரியம் ஆர்டரைப் பாதியாக்குவது. ஐந்து வாரச் சரக்கு வைத்திருந்தவர் இரண்டு வாரத்துக்கு இறங்க நினைக்கிறார். கடையில் விற்பனை 400-ஆகவே இருக்கும், உங்களுக்கு வரும் ஆர்டர் 200-க்கு வந்துவிடும். இதைப் பார்த்து "தேவை சரிந்துவிட்டது" என்று பதறி விலையைக் குறைத்தால் இரண்டு தவறு ஒன்றாகச் செய்கிறீர்கள். ஒன்று, குறைக்கவே தேவையில்லாத விலையைக் குறைத்தீர்கள். இரண்டு, டீலர்களிடம் ஏற்கெனவே இருக்கும் சரக்குக்கும் அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவை அவர் உங்கள் சரக்கை நம்பி எடுக்க மாட்டார். நம் உதாரணத்தில் டீலரிடம் 2,000 இருக்கும்போது விலையில் 10 குறைத்தால் அந்த ஈட்டுத்தொகையே 20,000. ஆயிரம் போர்டு முழுக்கக் குப்பைக்குப் போனாலும் 12,000-தான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதனால் விலையில் கை வைப்பது டீலர் கையிருப்பு வற்றிய பிறகு.

தேவை உண்மையில் சரிந்ததா, டீலர் கை இழுக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உத்தரவாதப் பதிவுகளைப் பாருங்கள். சீரியல் நம்பரோடு வாடிக்கையாளர் பதிவு செய்வது வாரத்துக்கு வாரம் அதே அளவில் வந்துகொண்டிருந்தால் தேவை அப்படியே இருக்கிறது, ஆர்டர் மட்டும்தான் குறைந்திருக்கிறது. எல்லோரும் பதிவு செய்வதில்லை, பரவாயில்லை, நமக்கு வேண்டியது மொத்த எண்ணிக்கை அல்ல, போன மாதத்தோடு ஒப்பிட்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான். அந்த சீரியல் நம்பரே இன்னொன்றும் சொல்லும்: பதிவாகும் பம்புகள் எப்போது செய்யப்பட்டவை? போன மாதம் செய்தவை வந்தால் சரக்கு வேகமாக நகர்கிறது. நான்கு மாதப் பழசு வந்தால் எங்கோ குவிந்து கிடக்கிறது.

கணக்கில் இருக்கும், கடையில் இருக்காது

இன்னொரு பொறி. 18 வாரம் என்று மேலே சொன்னது எல்லா பம்பும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருந்தால்தான் உண்மை. பழைய மாடலில் மூன்று அளவு இருந்தால், அதிகம் விற்கும் அளவு முதலில் தீரும், யாரும் கேட்காத அளவு கடைசிவரை கிடக்கும். மொத்தக் கையிருப்பு நான்கு வாரம் என்று அறிக்கை சொல்லும், ஆனால் வாடிக்கையாளர் கேட்கும் அளவு இரண்டு வாரத்துக்கு முன்பே இல்லாமல் போயிருக்கும். கடைகளும் அப்படித்தான், ஒரு கடையில் இருபது தேங்கியிருக்கும், பக்கத்துக் கடையில் ஒன்றும் இருக்காது. ஆகவே மொத்தம் பூஜ்யமாவதற்கு வெகு முன்பே விற்பனை இழப்பு தொடங்கிவிடுகிறது. ஒரே நாளில் மாற்றம் என்ற வழியை நான் நம்பாததற்குத் தாமதத்தைவிட இதுதான் பெரிய காரணம். பூஜ்யத்தைக் குறிவைத்து இறங்கினால் கடைசி இரண்டு மூன்று வாரம் ஓட்டை ஓட்டையாகத்தான் இருக்கும்.

இதற்கு மருந்து, அளவுகளை ஒரே நேரத்தில் நிறுத்தாமல், மெதுவாக விற்பதை முதலிலேயே நிறுத்துவது. மிஞ்சிய போர்டையும் உறையையும் வேகமாக விற்கும் அளவுக்கே போட வேண்டும், மூன்றுக்கும் அதே போர்டு, அதே உறை என்றால். கையிருப்பு அறிக்கையையும் அளவுவாரியாகத் தனித்தனி வாரக்கணக்கில் பார்க்க வேண்டும், கூட்டுத்தொகையை யாரும் பார்க்கவே கூடாது என்பேன்.

பகுதி பகுதியாக மாற்றும் வழி இங்கேயும் கைகொடுக்கிறது. முதலில் மாறும் பகுதியில் மிஞ்சிய எல்லா அளவையும் திரும்ப எடுத்து, மாறாத பகுதியில் ஓட்டை இருக்கும் இடங்களில் நிரப்பலாம், அவர்களுக்கு அது இன்னும் நடப்பு மாடல்தான், விலை குறைக்கத் தேவையில்லை. ஆனால் இதற்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. பகுதிகளுக்கு நடுவே சுவர் இருக்க வேண்டும். ஒரே மொத்த வியாபாரி இரண்டு பகுதிக்கும் சரக்கு அனுப்புகிறார் என்றால், அல்லது உங்கள் விற்பனையில் பெரும்பகுதி இணையத்தில் நடக்கிறது என்றால், முதல் பகுதியில் திறந்த மறுநாளே எல்லோரும் புதியதைக் கேட்பார்கள், மற்ற பகுதியின் பழைய சரக்கு அப்படியே நின்றுவிடும். திரும்ப எடுத்து அனுப்பும் வண்டிச் செலவும் இருக்கிறது, பம்ப் போன்ற கனமான, விலை குறைந்த பொருளுக்கு அது லாபத்தில் நல்ல பங்கைத் தின்னும். அப்படிப்பட்ட இடத்தில் நான் சேர்ந்து விற்கும் வழிக்குத்தான் போவேன், ஆனால் பழையதை எல்லாக் கடையிலும் விடாமல் ஒரே ஒரு வகைக் கடைக்கு, உதாரணமாக மொத்தமாக வாங்கும் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கு மட்டும், ஒதுக்கிவிடுவேன். அவர்களுக்கு ஏற்கெனவே பொருத்தியதோடு ஒத்துப்போவது முக்கியம், புதியதா என்பது பொருட்டில்லை.

அப்படியானால் ஒரே நாளில் மாற்றம் எப்போதுதான் சரி? பழையதைக் குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு விற்கவே கூடாது என்று சட்டம் சொன்னால். பழையதில் பாதுகாப்புக் குறை இருந்தால். இரண்டும் சேர்ந்து இருந்தால் ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் வாடிக்கையாளர் வீட்டில் பிரச்சினை வரும் என்றால். சட்டத் தேதி விஷயத்தில் ஒன்றை மட்டும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், தடை உற்பத்திக்கா விற்பனைக்கா என்று. விற்பனைக்கு என்றால் டீலர் அலமாரியில் இருப்பதும் அன்றைக்கே செல்லாக் காசு, அதற்கான கணக்கே தனி.

எப்போது சொல்வது

1981-ல் ஆஸ்போர்ன் நிறுவனம் தூக்கிச் செல்லக்கூடிய கணினி ஒன்றை விற்றுப் பெரிய வெற்றி கண்டது. அடுத்த மாடல் கடைக்கு வருமுன்பே அதைப் பற்றிப் பேசியதால் பழையதன் விற்பனை நின்றுபோய், 1983-ல் நிறுவனம் திவாலானது என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை. கதை அவ்வளவு நேரானது இல்லை, கேப்ரோ போன்ற போட்டியாளர்கள் அதே சமயத்தில் அழுத்தினார்கள், நிர்வாகச் சிக்கல்களும் இருந்தன. என்றாலும் இந்தக் கதையைக் கேட்டுப் பயந்து டீலரிடமும் மறைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, அது வேறு வகைத் தப்பு. மறைத்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும், உறை அச்சு போடுபவரிடமிருந்தோ போட்டியாளரின் விற்பனையாளரிடமிருந்தோ. அரைகுறையாகத் தெரிந்தால் ஆர்டரை இன்னும் அதிகமாக வெட்டுவார்.

என் விருப்பம், டீலருக்கு அவர் கையிருப்பின் வாரக்கணக்கைவிடக் கொஞ்சம் அதிக முன்னறிவிப்பு, பொதுமக்களுக்குக் கடையில் புதியது வரும் நாளில்தான். நம் உதாரணத்தில் டீலரிடம் ஐந்து வாரம் இருப்பதால் ஆறு ஏழு வாரம் முன்னால், அதாவது 9, 10-வது வாரம். அதுவும் சோதனை முடிவு கையில் வந்த பிறகு, ஆக 10-வது வாரம்தான். சொல்லும்போது தேதியை மட்டும் சொல்லாமல் பழையதுக்குக் கடைசி ஆர்டர் எந்த நாள் வரை, விலை குறைத்தால் அவர் கையிருப்புக்கு ஈடு உண்டா, விற்காததை எவ்வளவு திரும்ப எடுப்பீர்கள் என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அவர் பதற மாட்டார். பதறாத டீலர் ஆர்டரைப் பாதியாக்க மாட்டார், ஐந்து வாரத்தை மூன்றாக்குவார், அது உங்களுக்கும் வேண்டியதுதான்.

விலை குறைப்புக்கு வந்தால், பழையதுக்கும் புதியதுக்கும் இருக்கும் இடைவெளி வாடிக்கையாளருக்கு ஒரே பார்வையில் புரிய வேண்டும். மிகக் குறைவாக இருந்தால் பழையதை யாரும் தொட மாட்டார்கள், மிக அதிகமாக இருந்தால் புதியதை யாரும் தொட மாட்டார்கள். ஒரே அடியாகக் குறைக்காமல் மீதி எண்ணிக்கையைப் பார்த்து இரண்டு படியாக இறங்கலாம், முதல் படியில் இரண்டு வாரம் பார்த்துவிட்டு எதிர்பார்த்த வேகத்தில் போகவில்லை என்றால்தான் அடுத்தது.

அப்புறம், மாற்றம் முடிந்த பிறகு மிஞ்சிய கொஞ்சத்தையும் விற்றே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள். உத்தரவாதக் காலத்தில் பழுதாகும் பம்புக்கு மாற்றாகக் கொடுக்க முழு பம்ப் கொஞ்சம் வேண்டும், இல்லாவிட்டால் பழையது கெட்டுப்போனவருக்கெல்லாம் அதிக விலையுள்ள புதியதை இலவசமாகக் கொடுக்க நேரும். சர்வீசுக்கு ஒதுக்கிய 500 போர்டைத் தனி அலமாரியில், தனி எண்ணில் வையுங்கள். உற்பத்தி அலமாரியிலேயே விட்டால் கடைசி வாரத்தில் யாராவது எடுத்துப் பம்பாக்கிவிடுவார்கள், அவர்கள் பார்வையில் அது நல்ல காரியம்தான்.

கணினியில் பழைய பாகங்களின் தானியங்கி மறு ஆர்டரை நிறுத்துவதுதான் எல்லோரும் மறக்கும் வேலை. கையிருப்பு குறைந்தவுடன் ஆர்டர் போடு என்று எப்போதோ யாரோ பதிந்து வைத்திருப்பார்கள். நாம் வேண்டுமென்றே கையிருப்பை வற்றவிடும்போது அதற்கு அது தெரியாது, கடமை தவறாமல் இன்னும் ஆயிரம் போர்டு கேட்டு விற்பவருக்கு அனுப்பிவிடும், அது 12 வாரம் கழித்து, புதியது ஓடிக்கொண்டிருக்கும்போது வந்து இறங்கும். கடைசி போர்டு ஆர்டரில் கையெழுத்துப் போடும் அன்றே அந்தப் பாக எண்ணில் கொள்முதலைப் பூட்டிவிடுங்கள், உறைக்கு மட்டும் 10-வது வாரம் வரை திறந்து வையுங்கள்.